பதில் வராத மெயிலுக்கு அடுத்த மெயில்



ஆரணி என்றதும் பட்டுப்புடவையை நினைப்பவர்கள் நினைப்பது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியை. நான் சொல்வது ஆரணியாற்றங்கரையில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவே இருக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி. இங்கிருந்து கவரப்பேட்டை போய் ஜி.என்.டி. சாலையைப் பிடித்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட். லேத், வெல்டிங், பேக்கிங் என்று சிறு பட்டறை வைத்து அங்குள்ள கம்பெனிகளுக்கு வேலை செய்து கொடுக்கும் வாசகர்கள் நம் இதழுக்கு நிறைய உண்டு. அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "சரக்கு போய்ச் சேர்ந்தாச்சு, பில்லும் கொடுத்தாச்சு, பணம் கேட்டு மெயிலும் போட்டாச்சு. பதிலே இல்லை. மறுபடி எழுதினால் நச்சரிக்கிற மாதிரி ஆகிடும். எழுதாமல் விட்டால் பணம் அப்படியே கிடக்கும். கம்பெனிக்காரங்க மனசு கோணாம எப்படிங்க எழுதுறது?"

இந்தக் கேள்விக்கு இனிமையான நாலு வாக்கியங்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதாது. பதில் வராத மெயிலைத் தொடர்ந்து எழுதும் கடிதம் எரிச்சலாக ஒலிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வார்த்தைகள் அல்ல. நம் விஷயம் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் எழுதுவதுதான். எங்கே நிற்கிறது என்று தெரியாதவர் "ஏன் இன்னும் வரவில்லை?" என்றுதான் கேட்க முடியும். அது எவ்வளவு மென்மையாக எழுதினாலும் குற்றச்சாட்டாகவே போய்ச் சேரும். தெரிந்தவர் வேறு மாதிரி கேட்பார். ஆகவே, பில் போகும் வழியை முதலில் பார்த்துவிடுவோம்.

சரக்கு வண்டி கம்பெனி கேட்டில் நுழையும்போது செக்யூரிட்டி நம் டெலிவரி சலானிலும் பில்லிலும் இன்வர்ட் சீல் போட்டுத் தருகிறார். நம் கையில் இருக்கும் அத்தாட்சி அது ஒன்றுதான். பிறகு சரக்கு ஸ்டோருக்குப் போகிறது. க்யூசி பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு ஸ்டோரில் ஜிஆர்என், அதாவது சரக்கு வந்துசேர்ந்ததற்கான ரசீது, கம்ப்யூட்டரில் ஏறுகிறது. அக்கவுண்ட்ஸில் இருப்பவர் பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, எண்ணிக்கையும் விலையும் பொருந்தினால் பில்லை புக் செய்கிறார். அதற்கப்புறம் ஜிஎஸ்டி. நாம் ஏற்றிய பில் அவர்களுடைய ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வராவிட்டால் அந்த வரிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது என்பதால் பணத்தை நிறுத்தி வைப்பது பல கம்பெனிகளில் வழக்கம். எல்லாம் சரியென்றால் பேமென்ட் பட்டியலில் பெயர் ஏறும். அந்தப் பட்டியலுக்குக் கையெழுத்தாவதற்கும் தனியாக நாள் வைத்திருப்பார்கள்.

நம் மெயிலைத் திறந்து பார்க்கும் அக்கவுண்ட்ஸ் ஊழியருக்கு இந்த வழியில் ஒரு பகுதிதான் கைக்குள் இருக்கிறது. ஜிஆர்என் ஸ்டோர் கையில், க்யூசி வேறொருவர் கையில், கையெழுத்து மேலாளர் கையில். "என் பணம் எப்போது வரும்?" என்று கேட்டால் பதில் சொல்ல அவர் மூன்று பேரைக் கேட்டாக வேண்டும். அதனால் அந்த மெயிலை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறார். அப்புறம் அது கீழே போய்விடுகிறது. பதில் வராததற்கு அலட்சியம் காரணமாக இருக்கலாம்; ஆனால் என் அனுபவத்தில் அதைவிட அதிகமாகப் பார்த்தது இதைத்தான்.

ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை போய்ப் பார்ப்போம். ஆரணிப் பட்டறை ஒன்று சிப்காட் கம்பெனிக்கு 240 புஷ் கடைந்து கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 650 ரூபாய். சரக்கு மதிப்பு 1,56,000. 18 சதவீத ஜிஎஸ்டி 28,080. மொத்தம் 1,84,080 ரூபாய். பிப்ரவரி 5ஆம் தேதி சரக்கும் பில்லும் உள்ளே போய்விட்டன. ஆர்டரில் 30 நாள் கெடு. மார்ச் 7ஆம் தேதி பணம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 9ஆம் தேதி பட்டறைக்காரர் ஒரு மெயில் போடுகிறார்: "ஐயா, எங்கள் பில் தொகை நிலுவையில் உள்ளது. விரைவில் வழங்கி உதவவும்." மரியாதையான மெயில்தான். ஆனால் எந்த பில், எந்த ஆர்டர், எவ்வளவு என்று எதுவும் இல்லை. பதில் வரவில்லை.

இரண்டாவது மெயிலை எப்போது போடுவது? மறுநாளே போடக் கூடாது. நாலைந்து வேலை நாள் விடுங்கள். எந்த நாளில் போடுகிறோம் என்பதும் முக்கியம். அக்கவுண்ட்ஸ்காரர்களின் மாதத்தில் சில நாட்கள் மூச்சுவிட நேரம் இருக்காது. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி. 14ஆம் தேதி 2பி பட்டியல் வந்துவிடும். ஆக, 15, 16, 17 தேதிகளில் நம் பில்லைப் பற்றிக் கேட்டால், அவர்கள் அந்தப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டே வேலை பார்ப்பார்கள். உடனே தேடிப் பார்த்துச் சொல்ல முடியும். நம் பட்டறைக்காரர் 16ஆம் தேதி காலை எழுதுகிறார்.

புது மெயிலாகத் தொடங்கக் கூடாது. 9ஆம் தேதி போட்ட மெயிலுக்கே 'ரிப்ளை' கொடுத்து எழுத வேண்டும். பழையது அடியிலேயே இருப்பதால் "முன்பே எழுதியிருந்தேனே" என்று சொல்லவேண்டிய தேவையே இல்லை. குற்றம் சாட்டும் தொனி பாதி அங்கேயே போய்விடும். மெயிலின் தலைப்பு வரியில் மட்டும் பில் எண்ணையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்துவிடலாம். "நினைவூட்டல்" என்று மட்டும் தலைப்பு வைத்தால் ஒரு நாளில் வரும் நாற்பது நினைவூட்டல்களோடு அதுவும் சேர்ந்துவிடும். மெயில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். எங்கள் பில் எண் 112, பிப்ரவரி 5, தொகை ரூ.1,84,080. உங்கள் ஆர்டர் எண்ணும் சலான் எண்ணும் கீழே இருக்கின்றன. இன்வர்ட் சீல் போட்ட பில் நகலை இணைத்திருக்கிறேன். இந்த பில்லுக்கு ஜிஆர்என் ஆகிவிட்டதா என்று மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் பக்கம் ஏதாவது ஆவணம் பாக்கி இருந்தால் சொல்லுங்கள், இன்றே அனுப்பிவிடுகிறேன். நன்றி."

இதில் "நீங்கள் பதில் போடவில்லை", "பணம் தரவில்லை" என்று எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எழுவாய் எல்லாம் பில்லும் ஜிஆர்என்னும் நாமும்தான். கேள்வி ஒன்றே ஒன்று. ஆம், இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அதைச் சொல்ல யாரிடமும் போய்க் கேட்க வேண்டியதில்லை, திரையிலேயே தெரியும். நகலை மறுபடி இணைத்ததால் பழைய மெயிலைத் தேடவும் வேண்டாம். "எங்கள் பக்கம் ஏதாவது பாக்கி இருந்தால்" என்பதைப் பணிவுக்காகச் சொல்லும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். உண்மையிலேயே நம் பக்கம் பாக்கி இருப்பது அபூர்வம் அல்ல. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும் இதே வரிசைதான்: எந்த பில், ஒரு கேள்வி, நாம் செய்யத் தயாராக இருப்பது.

பதில் அன்று மாலையே வருகிறது: "ஜிஆர்என் ஆகிவிட்டது. பில் 2பி-யில் வரவில்லை. அதனால் ஹோல்டு."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சிறு பட்டறைகள் பல, ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்குள் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜிஎஸ்டி கணக்குக் கொடுக்கும் க்யூஆர்எம்பி முறையில் இருக்கின்றன. வேலை மிச்சம்தான். ஆனால் பிப்ரவரி பில் அந்தக் காலாண்டுக் கணக்கில்தான் போகும். கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் ஏப்ரல் 13. வாங்கியவரின் 2பி-யில் அது தெரியவருவது ஏப்ரல் 14. இடையில் வாங்குபவருக்கு பில் தெரியவேண்டுமென்றால் ஐஎஃப்எஃப் என்ற வசதி இருக்கிறது. காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு, அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் பில்களை அதில் ஏற்றிவிடலாம். ஏற்றினால் 14ஆம் தேதி அவர்கள் பட்டியலில் பில் வந்துவிடும். நம் பட்டறைக்காரரின் ஆடிட்டர் மார்ச் 13க்குள் அதை ஏற்றவில்லை. ஏற்றச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. இப்போது யோசித்துப் பாருங்கள். 16ஆம் தேதி மெயிலில் அவர் கோபமாக நாலு வரி எழுதியிருந்தால், காரணம் தன் பக்கம் இருந்தது தெரிந்த பிறகு அந்த வரிகளை எப்படித் திரும்ப வாங்குவது? இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது மெயிலில் கேள்வி மட்டும் இருக்க வேண்டும், தீர்ப்பு இருக்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாவது மெயில் இப்போதுதான் அழகாக அமையும். காரணம் தெரிந்துவிட்டது, ஆகவே ஒரு வழியையும் சேர்த்தே சொல்லலாம்:

"தகவலுக்கு நன்றி சார். காலாண்டுக் கணக்கு என்பதால் இந்த பில் ஏப்ரல் 14 அன்று உங்கள் 2பி-யில் வந்துவிடும். அதுவரை ஜிஎஸ்டி தொகை ரூ.28,080-ஐ நிறுத்தி வைத்துக்கொண்டு, சரக்கு மதிப்பு ரூ.1,56,000-ஐ இந்த மாதப் பட்டியலில் சேர்க்க முடியுமா? உங்கள் ஆண்டு முடிவுக் கணக்குக்கும் இது வசதியாக இருக்கும். எங்கள் உத்யம் பதிவுச் சான்றை இணைத்திருக்கிறேன். அடுத்த காலாண்டிலிருந்து மாதாமாதம் பில்லை ஏற்றிவிடுகிறோம்."

அடிப்படைத் தொகையைக் கொடுத்துவிட்டு வரியை மட்டும் நிறுத்தி வைப்பது புதிய ஏற்பாடு இல்லை. பல கம்பெனிகள் ஏற்கெனவே செய்வதுதான். ஆனால் கேட்டால்தான் செய்வார்கள். "ஆண்டு முடிவுக் கணக்குக்கும் வசதி" என்ற வரி வெறும் உபசாரமும் அல்ல. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்கை ஏற்றுக்கொண்டபின், எழுத்தில் பேசிய கெடுவுக்குள் பணம் தர வேண்டும். அந்தக் கெடு எவ்வளவு நீளமாகப் பேசியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவுமே பேசவில்லை என்றால் 15 நாள். 2023 நிதிச் சட்டம் இதோடு வருமான வரியைக் கோத்துவிட்டது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், இந்தக் கெடுவைத் தாண்டிய நிலுவையை மார்ச் 31க்குள் கொடுக்காவிட்டால் வாங்கிய கம்பெனி அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானத்தில் கழித்துக்கொள்ள முடியாது. எந்த ஆண்டு கொடுக்கிறதோ அந்த ஆண்டில்தான் கழிக்கலாம். ஆகவே மார்ச் மாதத்தில் நம் பணம் சீக்கிரம் வருவது அவர்களுக்கும் நல்லது. சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டி மிரட்டத் தேவையில்லை. உத்யம் சான்றை இணைத்து, "உங்களுக்கும் வசதி" என்று ஒரு வரி எழுதினால் அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு முழு அர்த்தமும் புரிந்துவிடும். தன் மேலாளரிடம் எடுத்துச் சொல்ல அவருக்கும் ஒரு காரணம் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்குத்தான்; நடுத்தர நிறுவனத்துக்கும், வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இது பொருந்தாது.

மேலாளருக்கு 'சிசி' போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டாவது மெயிலில் வேண்டவே வேண்டாம். சொல்லாமல் கொள்ளாமல் மேலதிகாரி பெயரைச் சேர்த்தால், உள்ளே எவ்வளவு இனிமையாக எழுதியிருந்தாலும், அதைப் புகாராகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அடுத்த பில்லும் அதே மேஜைக்குத்தான் போகப்போகிறது. அப்படியே சேர்க்கவேண்டிய கட்டம் வந்தால், அதை மெயிலிலேயே சொல்லிவிடுங்கள்: "கையெழுத்து நிலையில் நிற்பதாகச் சொன்னீர்கள், அதனால் மேலாளரையும் இதில் சேர்த்திருக்கிறேன். நீங்கள் செய்த உதவிக்கு நன்றி." முதலில் உதவியவருக்கு நன்றி போய்ச் சேர்ந்துவிடுவதால், அவர் தலையில் பழி விழாது.

போன் செய்வதிலும் இதே விதிதான். "மெயில் பார்த்தீங்களா சார்?" என்று கேட்டால் பார்க்காதவர் சங்கடப்படுவார், பார்த்தவர் சமாளிப்பார். "சார், பில் 112-க்கு ஜிஆர்என் நம்பர் கிடைக்குமா? ஒரு நிமிஷம் போதும்" என்று கேட்டால் வேலை நடக்கும். பேசி முடித்ததும், "இன்று போனில் சொன்னதற்கு நன்றி, 25ஆம் தேதிப் பட்டியலில் வரும் என்று குறித்துக்கொண்டேன்" என்று அதே மெயில் தொடரில் ஒரு வரி போட்டு வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியதையும் இப்படி மெயிலுக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது. ஆள் மாறினாலும் மெயில் கம்பெனியிலேயே இருக்கும்.

எல்லாம் செய்தும் பணம் வராத இடங்களும் உண்டு. கம்பெனியிலேயே பணம் இல்லையென்றால் எந்த மெயிலும் அதை வரவழைக்காது. அதை எப்படிக் கண்டுகொள்வது? ஒவ்வொரு முறையும் காரணம் மாறும், தேதி மட்டும் வராது. முதலில் ஜிஆர்என் என்பார்கள். அது முடிந்ததும் க்யூசி. அப்புறம் மேலாளர் லீவு. உண்மையான தடங்கலாக இருந்தால் ஒரு காரணம் தீர்ந்ததும் பில் அடுத்த படிக்கு நகரும். புதுத் தேதி ஒன்று கிடைக்கும். மூன்று பதில்கள் வந்தும் ஒன்றில்கூடத் தேதி இல்லையென்றால், அடுத்த மெயிலின் வேலை வேறு. அப்போது கேட்கவேண்டியது பணத்தை அல்ல, கணக்கை: "மார்ச் 31 நிலவரப்படி எங்கள் புத்தகத்தில் உங்கள் பெயரில் ரூ.1,84,080 நிலுவை காட்டுகிறது. உங்கள் புத்தகத்திலும் இதே தொகைதானா என்று உறுதி செய்து அனுப்ப முடியுமா?" ஆண்டு முடிவில் தணிக்கைக்காகக் கம்பெனிகள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் சாதாரணமான கடிதம்தான் இது. யாரையும் புண்படுத்தாது. ஆனால் "ஆம்" என்று எழுத்தில் கையொப்பத்தோடு வந்துவிட்டால், அது கடனை ஒப்புக்கொண்ட சான்று. பண பாக்கிக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தரும் மூன்றாண்டு, அந்தத் தேதியிலிருந்து புதிதாக எண்ணப்படும்.

அதற்கும் மேலே போகவேண்டி வந்தால், இணையதளம் வழியாக மாநில அரசின் பெசிலிடேஷன் கவுன்சிலிடம் முறையிடலாம். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டியை மாதாந்திரக் கூட்டு வட்டியாகக் கேட்கும் உரிமையை எம்எஸ்எம்இ சட்டம் தருகிறது. அங்கே போவது என்று முடிவெடுத்துவிட்டால் அதையும் மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஏப்ரல் 30க்குள் தொகையோ தேதியோ கிடைக்காவிட்டால் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன் பேசி முடிக்கவே விரும்புகிறோம்." தேதியும் அடுத்த படியும் தெளிவாக இருந்தால் போதும்; கோபமான சொல் ஒன்றுகூட வேண்டாம். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்யுங்கள். செய்ய மனமில்லாததை எழுதாதீர்கள், ஏனென்றால் அதற்கப்புறம் நீங்கள் எழுதும் எந்தத் தேதியையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். கவுன்சிலிடம் போகும் அன்று, பிப்ரவரியிலிருந்து நீங்கள் பொறுமையாக எழுதிய மெயில்களே உங்கள் பக்கத்துக் கோப்பாக இருக்கும்.

இந்த இதழைக் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்கண்டிகை கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸிலும் ஸ்டோரிலும் வேலை பார்க்கும் நண்பர்களும் படிக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். சின்னப் பட்டறையிலிருந்து வரும் மெயிலுக்கு முழுப் பதில் சொல்ல நேரமில்லை என்பது புரிகிறது. "பார்த்தேன், 2பி-யில் இல்லை" என்றோ, "20ஆம் தேதிக்கு மேல் கேளுங்கள்" என்றோ ஒரு வரி போதும். அந்த ஒரு வரியைக் காட்டிப் பட்டறைக்காரர் ஆடிட்டரிடம் கேட்கலாம், கூலி கேட்டு நிற்கிறவரிடம் ஒரு தேதி சொல்லலாம். இன்று உங்கள் மெயில் பெட்டியில் பதில் போடாமல் கிடப்பதில் ஒன்றுக்காவது அந்த வரியை எழுதி அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்